கடல் தாண்டிக் கேதம் கேட்பது

எனக்குப் பக்கத்து மேசையில் 22 வருடம் உட்கார்ந்திருந்த அண்ணன் போன ஜூன் மாதம் இறந்துபோனார். மாரடைப்பு. சாயங்காலம் ஆபீஸை விட்டு நல்லபடியாகக் கிளம்பிப் போனவர், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். 57 வயது. மதினி அப்போது மெல்போர்னில் இருந்தார்கள், மகளுடைய இரண்டாவது பிரசவத்துக்காகப் போனவர்கள். குழந்தை பிறந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. மதினி மட்டும் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தார்கள். பச்சை உடம்புக்காரி மகள் வர முடியவில்லை. மதுரை தத்தனேரிச் சுடுகாட்டில் நடந்ததை அவள் போனில்தான் பார்த்தாள்.

மறுநாள் மகள் குடும்பத்துக்கு ஆபீஸ் சார்பில் இரங்கல் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மருமகன் பஞ்சாபிப் பையன், அங்கேயே வளர்ந்தவர். மூத்த பேரனுக்கு 11 வயது, தமிழ் பேசுவான், படிக்க வராது. அதனால் இரண்டும் தேவைதான். யாரோ ஒருவர் வரைவு போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’, ‘அன்னாரது ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்’ என்று தமிழ். அதையே வரிக்கு வரி மாற்றி ஆங்கிலம். அதன் முதல் வரியிலேயே அண்ணன் ‘எக்ஸ்பயர்ட்’ என்று இருந்தது. நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தில் அது சாதாரண வார்த்தை, லீவ் லெட்டரில்கூட எழுதுவோம். ஆனால் அந்தப் பேரன் வளரும் ஊரில் பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர் ஆகும். தாத்தாவைப் பற்றி அந்த வார்த்தையை அவன் படிக்கக் கூடாது. ‘டைட்’ என்றே எழுதலாம், அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ‘பாஸ்ட் அவே’ என்றாலும் சரி.

வார்த்தையைத் திருத்தினால் போதும் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். திருத்தத் திருத்த, கடிதம் முழுவதுமே தப்பு என்று பட்டது. அந்த வரிகளெல்லாம் போஸ்டருக்கு உரியவை. சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிக்கு அவை பொருந்தும், ஏனென்றால் அதைப் பார்க்கிறவர் ஊர்க்காரர், துக்கப்படுகிறவர் இல்லை. நம் பக்கம் கேத வீட்டுக்குப் போய் யாராவது ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்று சொல்லியிருக்கிறோமா? போவோம், கையைப் பிடிப்போம், உட்காருவோம். கொஞ்ச நேரம் கழித்து, ‘நேத்துச் சாயங்காலம்கூடப் பார்த்தேனே, டீ சாப்பிட்டுட்டுப் போங்கன்னாரே’ என்போம். கேதம் கேட்பது என்பதே அதுதான். செத்தவரைக் கடைசியாகப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்துப் பேர் சொல்லச் சொல்ல, வீட்டார் அவருடைய கடைசி நாளை முழுசாகத் தெரிந்துகொள்வார்கள். மெல்போர்னில் இருக்கிற அந்தப் பெண்ணின் வாசலுக்கு அப்படி யார் வருவார்? நாங்கள் அனுப்பும் கடிதம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அதனால் வரைவை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவள் சின்னப் பிள்ளையிலிருந்து என்னைச் சித்தப்பா என்பாள். கடிதம் இதுதான்:

“பாப்பாவுக்கு, சித்தப்பா எழுதுவது. அப்பா அன்றைக்கு எப்போதும் போல ஒன்பதே முக்காலுக்கு வந்தார். மத்தியானம் தக்காளிச் சாதம் கொண்டுவந்திருந்தார், தானே செய்தேன் என்று எனக்கும் கொடுத்தார். உப்புக் கொஞ்சம் கூட. மூன்று மணிக்குச் சின்னவனின் போட்டோவைக் கேன்டீன் அக்காவிடம் காட்டி, காது அப்படியே என் காது என்றார். ஐந்தரைக்கு வண்டியை எடுக்கும்போது சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் ஒரு வலியும் இல்லை, நான் பார்த்தேன். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். காடாத்து முடிந்து, திருப்புவனத்தில் அஸ்தி கரைத்தோம். அம்மா சாப்பிடுகிறார்கள், ராத்திரி உன் அத்தை கூடப் படுத்துக்கொள்கிறார். வீட்டு இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது, செடிக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். நீ வரவில்லையே என்று இங்கே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.”

கடைசி வரியை எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவள் மனதை எது அரிக்கும் என்று தெரியும், அதனால் எழுதினேன். ‘தைரியமாக இரு’ என்பதை வேண்டுமென்றே விட்டேன். பிரசவித்த பெண், அப்பா செத்திருக்கிறார், அழட்டும். ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேள்’ என்பதையும் விட்டேன். அப்படிச் சொன்னால் என்ன கேட்பது என்று யோசிக்கும் வேலையும் அவள் தலையில் விழும். சாவியும் செடியும் போதும்.

ஆங்கிலக் கடிதம் இதன் மொழிபெயர்ப்பாக இருக்க முடியாது. தமிழில் ‘காடாத்து முடிந்தது’ என்றால் அவளுக்கு எல்லாம் விளங்கும். மருமகனுக்கு அதை விரித்துச் சொல்ல வேண்டும்: எரித்த மறுநாள் போய் எலும்பைப் பொறுக்கிப் பால் தெளிப்போம் என்று, திருப்புவனம் மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையில் இருக்கும் பழைய சிவன் கோயில் ஊர், இந்தப் பக்கத்தார் அங்கே அஸ்தி கரைப்பது வழக்கம் என்று, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மாமியார் ஊரைவிட்டுக் கிளம்பமாட்டார்கள், அதனால் டிக்கெட் பற்றி இப்போது கேட்க வேண்டாம் என்று. இது தெரியாவிட்டால் தன் மனைவி எதை நினைத்து எந்த நாளில் அழுகிறாள் என்று அவருக்குப் புரியாது. தக்காளிச் சாதமும் காதும் ஆங்கிலத்திலும் உண்டு, பேரனுக்காக. கூடவே ஒன்று சேர்த்தேன். நம் வழக்கப்படி அவள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றவில்லை. அங்கே ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அவளை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கொஞ்ச நாளைக்கு அது அவளைத் தைக்கும் என்று மருமகனுக்கு எழுதினேன்.

பி.எஃப், கிராஜுவிட்டி நாமினி படிவங்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அது மதினி கையெழுத்துப் போட வேண்டிய விஷயம், பதினாறு முடிந்து தனியாகப் பேசிக்கொள்ளலாம். இரங்கல் கடிதத்தின் அடியில் பணப் பேச்சு வந்தால் மேலே எழுதியதையும் மனசு நம்பாது.

இன்னொன்று, அனுப்பும் நேரம். எழுதி முடிக்கும்போது ராத்திரி ஒன்பதரை. ஜூனில் மெல்போர்ன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே இரண்டு மணி. குழந்தைக்குப் பால் கொடுக்க முழித்திருப்பாள், தனியாக இருட்டில் படிப்பாள். வேண்டாம் என்று காலை ஆறு மணிக்கு அனுப்பினேன், அங்கே பத்தரை. லெட்டர்ஹெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் டைப் செய்தே அனுப்பினேன், போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

மத்தியானம் பதில் வந்தது. நன்றி, வணக்கம் எதுவும் இல்லை. ஒரே வரி: “அப்பா அன்னைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தாங்க சித்தப்பா?”

இளநீலம், பாக்கெட்டில் மைக்கறை இருக்குமே அது, என்று எழுதினேன்.