ஏற்காட்டுக் காபி வாசம் போகாமல் மெயிலைத் திருத்துவது

எழுதின மெயிலைத் 'திருத்தித் தருகிறேன்' என்று வாங்கி, அதிலிருந்து ஆளையே துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் திட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வெறுமனே திட்டி என்ன ஆகப்போகிறது, ஒரு மெயிலையே எடுத்துப் பார்த்துவிடலாம்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் ஒருவருக்குப் பல வருஷமாகக் கொடுக்கிறார். போன சீசனில் சரக்கு தாமதமானபோது சித்தப்பா போனில் தட்டியது இது. பார்ச்மென்ட் என்பது உள்தோலோடு காயவைக்கிற காபிக்கொட்டை, மீட்டர் காட்டுவது அதன் ஈரப்பதச் சதவீதம்:

"அண்ணா வணக்கம். தார்ப்பாய் போட்டுத்தான் மூடியிருந்தோம் செவ்வாய் ராத்திரி மழை அடியில தண்ணி போயிருச்சு 2 மூட்டை அளவு பார்ச்மென்ட் நனஞ்சிருச்சு. மீட்டர் 14 காட்டுது 11க்கு இறங்காம நான் மூட்டை கட்ட மாட்டேன் பூசணம் புடிச்சா உங்க வறுவல் கெட்டுரும். வெள்ளிக்கிழமை 6 மூட்டையும் வராது. நனையாத 4 வேணும்னா அனுப்பறேன் மீதி அடுத்த புதன், சொல்லுங்க."

அவர் பையன் காலேஜில் படித்தவன். அவன் கையில் இது இப்படி ஆனது:

"மதிப்பிற்குரிய ஐயா, எதிர்பாராத வானிலை காரணமாகத் தங்கள் ஆர்டரை அனுப்புவதில் சிறிது தாமதம் ஏற்பட்டுள்ளது. தரத்தில் எவ்விதச் சமரசமும் செய்யப்படமாட்டாது. விரைவில் அனுப்ப நடவடிக்கை மேற்கொள்ளப்படும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைக் கூரியர்காரர் அனுப்பலாம், சிமென்ட் கடைக்காரர் அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எத்தனை மூட்டை, என்றைக்கு வரும், 4 மூட்டை இப்போதே வேண்டுமா என்ற கேள்வி, எல்லாம் போச்சு. 'நான் மூட்டை கட்ட மாட்டேன்' என்று ஒரு மனுஷன் பொறுப்பெடுத்துச் சொன்னது 'செய்யப்படமாட்டாது' ஆனதும் செய்யாதது யார் என்றே தெரியவில்லை. போதாக்குறைக்கு, இத்தனை வருஷம் அண்ணா என்று கூப்பிட்டவரைத் திடீரென்று 'மதிப்பிற்குரிய ஐயா' என்றால், என்னப்பா ஏதாவது மனஸ்தாபமா என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அதற்காகச் சித்தப்பா எழுதியது அப்படியே போகலாம் என்றும் சொல்ல மாட்டேன். முக்கியமான சேதி கடைசியில் கிடக்கிறது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. திருத்த வேண்டியது இந்த இரண்டையும்தான். நம் ஆட்கள் இலக்கணத்தில் ஆரம்பிக்கிறார்கள், கோளாறே அங்கேதான். ஒவ்வொரு வரியாக மெருகேற்ற ஆரம்பித்தால் பழகிய ஆபீஸ் வாக்கியம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் வரிசையை மட்டும் மாற்ற வேண்டும், வார்த்தையைத் தொடக்கூடாது. அப்புறம் நீளமானதை வெட்டி முற்றுப்புள்ளி. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவதும் ஒற்றுப்பிழை பார்ப்பதும் கடைசி வேலை, அப்போதுகூட வினைச்சொல்லையும் அதைச் செய்கிற ஆளையும் மாற்றக்கூடாது. அப்படிச் செய்தால் வருவது:

"அண்ணா வணக்கம். வெள்ளிக்கிழமை 6 மூட்டையும் வராது. நனையாத 4 மூட்டை வேண்டுமென்றால் அனுப்புகிறேன், மீதி அடுத்த புதன், சொல்லுங்கள். செவ்வாய் ராத்திரி மழையில் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் போய் 2 மூட்டை அளவு பார்ச்மென்ட் நனைந்துவிட்டது. மீட்டர் 14 காட்டுகிறது. 11க்கு இறங்காமல் நான் மூட்டை கட்ட மாட்டேன், பூசணம் பிடித்தால் உங்கள் வறுவல் கெட்டுவிடும்."

புதிதாக ஒரு தகவலும் சேர்க்கவில்லை. சித்தப்பா பேசுகிற மாதிரியே இருக்கிறது, ஆனால் வாங்குபவர் முதல் இரண்டு வரி படித்ததுமே பதில் போட்டுவிடலாம்.

திருத்தும்போது பழைய டிராஃப்டை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் எண், கிழமை, பொருளின் பெயர், 'நான்' வருகிற இடம், இதையெல்லாம் அடிக்கோடிட்டு, புதியதில் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போன இடத்தில் அநேகமாக 'எதிர்பாராத', 'விரைவில்', 'நடவடிக்கை' மாதிரி ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்த ஆளிடம் போனில் சொல்வதுபோல ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சேலத்துக்காரர் யாரும் போனில் 'மேற்கொள்ளப்படும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை (கலெக்டர் ஆபீஸில்கூட!).

இதே விஷயம் பேங்க் மேனேஜருக்குப் போவதாக இருந்தால் அண்ணா போய் ஐயா வரும், 'ராத்திரி' 'இரவு' ஆகும், வறுவல் பற்றிய வரி தேவையே இல்லை. ஆனால் செவ்வாய், 2 மூட்டை, 14, 'நான்' நான்கும் அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கடன் தவணையைத் தள்ளிக் கேட்கிறவர் 'வானிலை காரணமாக' என்றால் மேனேஜர் எதை வைத்து மேலிடத்துக்கு எழுதுவார்?