2024-இல் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று புரியும். பார்க்காதவர்களுக்கு இணைப்பு தரமாட்டேன். என் செலவில் அவருக்கு இன்னும் நாலு பேர் சேர வேண்டாம்.

"2024-க்கு வைகுண்ட ஏகாதசித் தொடரே போடவில்லை. 2025-இல் மட்டும் அதையே ரெண்டு தடவை ஓட்டிட்டாங்க. பெருமாள் பேரைச் சொல்லி வியூஸ் பிச்சை." வருஷா வருஷம் நாங்கள் போடுகிற வைகுண்ட ஏகாதசிக் காணொளித் தொடரைப் பற்றித்தான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாகப் பறந்தன. அவரும் ஆன்மிகக் காணொளி போடுகிறவர்தான் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் பேசுகிறார் என்று விட்டிருப்பேன்.

2024 என்ற ஆங்கில வருடத்தில் வைகுண்ட ஏகாதசி வரவில்லை. நாங்கள் போடாமல் விடவில்லை, அது வரவே இல்லை. 2023 டிசம்பர் 23 அன்று வந்தது, அதற்கு அடுத்தது 2025 ஜனவரி 10. பழைய காலண்டர் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

காரணம் எளிமையானது. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி என்றால் மார்கழி மாதத்து வளர்பிறை ஏகாதசி. மார்கழி சூரியனை வைத்துப் பிறக்கிற மாதம், டிசம்பர் 16 வாக்கில் பிறந்து ஜனவரி நடுவில் முடியும். ஏகாதசி சந்திரனை வைத்து வருகிற திதி. இரண்டும் சேர்ந்தால்தான் நமக்கு அந்த நாள். 2024 டிசம்பரிலும் ஒரு வளர்பிறை ஏகாதசி வந்தது, 11-ஆம் தேதி. ஆனால் அன்று கார்த்திகை முடியவில்லை. அதை விட்டால் அடுத்த வளர்பிறை ஏகாதசி ஜனவரி 10. அங்கிருந்து பன்னிரண்டு சந்திர மாதம், அதாவது 354 நாள் எண்ணினால் 2025 டிசம்பர் 30. அதுவும் மார்கழிதான். ஆக 2024-க்கு ஒன்றுமில்லை, 2025-க்கு இரண்டு. இதில் எங்கள் தந்திரம் எங்கே வந்தது? சந்திரனைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "2024-க்குப் போடவில்லை" என்பதுகூடத் தப்பு. திருவரங்கத்தில் பகல்பத்து உற்சவம் ஏகாதசிக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடும். அதனால் எங்கள் முதல் பகுதி வெளியானது 2024 டிசம்பர் 31. ஒன்றே ஒன்றாக இருந்தாலும் கணக்கில் உண்டு ஐயா.

"தேதி மாறிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள், பேசாமல் வருஷா வருஷம் ஜனவரி 1-இல் தொடங்குங்கள்" என்று பின்னூட்டத்தில் ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தொடர் என்ன தொடர்? 21 பகுதி. பகல்பத்துக்குப் பத்து, ஏகாதசி அன்று தொடங்கும் இராப்பத்துக்குப் பத்து, கடைசியில் நம்மாழ்வார் மோட்சம். இராப்பத்தில் திருவாய்மொழி ஒரு நாளைக்கு ஒரு பத்தாகப் போகும். எட்டாம் நாள் வேடுபரி, திருமங்கை மன்னன் வழிமறிக்கிற நாள். அங்கே மணல்வெளியில் குதிரை வாகனம் ஓடுகிற அன்றைக்குத்தான் வேடுபரிப் பகுதி வர வேண்டும். இந்த முறை அது ஜனவரி 6, போன முறை ஜனவரி 17. ஜனவரி 1-இல் தொடங்கியிருந்தால் இந்தத் தடவை வேடுபரி முடிந்து பத்து நாளுக்கு மேல் கழித்துப் பார்த்திருப்பீர்கள். கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை வைத்தது போல.

எங்கள் அட்டவணையில் தேதியே கிடையாது. முதல் பத்தியில் ஏகாதசியிலிருந்து எத்தனை நாள் தள்ளி என்ற எண் மட்டும்தான் இருக்கும். பகல்பத்து முதல் நாள் -10, ஏகாதசி 0, வேடுபரி 7, மோட்சம் 10. மேலே B1 கட்டத்தில் ஏகாதசித் தேதியை எழுதினால் மற்றதெல்லாம் தானே விழும்:

```
=$B$1+A2
```

இவ்வளவுதான் வித்தை. கோப்புகளின் பெயரும் இந்த எண்தான். பின்னணிக் குரலில் யாரும் தேதி சொல்லக் கூடாது, "நாளை ஜனவரி ஒன்பது" என்று யாராவது படித்தால் அந்த வரியைத் திரும்பப் பதிவு செய்வோம். "ஏகாதசிக்கு முந்தைய நாள்" என்று சொன்னால் அது எந்த வருடமும் பொருந்தும். தம்நெயிலில் 2025 என்று போடாமல் குரோதி, விசுவாவசு என்று போடுவதும் இதனால்தான். மார்கழி முழுசாக ஒரே தமிழ் வருடத்துக்குள் அடங்கிவிடும், சித்திரையில்தானே வருடம் மாறுகிறது. போன தொடர் குரோதி, இந்தத் தொடர் விசுவாவசு. வருடத்துக்கு ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நண்பர் ப்ளேலிஸ்ட்டின் பெயரைப் படித்திருந்தாலே போதும். "பழைய பஞ்சாங்கம்" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

கேலி பெரிதில்லை. வலித்தது வேறு. என் அத்தை முன்பெல்லாம் இராப்பத்துக்கு அரங்கத்திலேயே தங்குவார். முழங்கால் விட்டுப்போன பிறகு வீட்டில்தான். இரவு சாப்பிட்டதும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு அன்றைய பத்தைக் கேட்பார். காணொளி கொஞ்சம் தாமதமானால் "இன்னிக்கு ஆறாம் பத்தாச்சே, எங்கடா?" என்று அழைப்பு வந்துவிடும். நாளைத் தேதியால் எண்ணாமல் பத்தால் எண்ணுகிறவர். அவரும் அந்த நேரலையைப் பார்த்துவிட்டார். "பிச்சைங்கறானே, நீ யாருகிட்டடா கேட்ட?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சரி, பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம், அவர் அதைத்தானே தொட்டார். போன தொடருக்கு விளம்பரம் தந்த ஒரு நிறுவனம் இந்தத் தடவை விலகிக்கொண்டது. அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், 2025-க்கான தொகையை ஜனவரியிலேயே கொடுத்துட்டோமே, அதே வருஷத்துல மறுபடியும் எப்படி?" ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆண்டில்தான் வருகின்றன என்று விளக்கினேன். அவர்களுடைய கணக்கு ஜனவரியில் தொடங்குமாம். முடிந்தது கதை. வியூஸ் பிச்சை எடுத்தவன் கையில் மிஞ்சியது இதுதான்.

"அப்படியானால் ஏகாதசித் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து அஞ்சு வருஷத்துக்கு எழுதி வைத்துவிடலாமே, ஏன் கடைசி நேரத்தில் அறிவிக்கிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. எழுதியும் வைத்திருக்கிறோம், பென்சிலில். 2021 நினைவிருக்கிறதா? மார்கழி வளர்பிறை ஏகாதசி 2022 ஜனவரி 13-இல் வந்தது. திருமலையில் அன்றுதான் வைகுண்ட ஏகாதசி. திருவரங்கத்தில் அப்படி வைத்தால் இராப்பத்து தைக்குள் போய்த் தைத் திருநாளோடு மோதும். அதனால் அங்கே ஒரு மாதம் முன்பே, 2021 டிசம்பர் 14-இல், கார்த்திகையிலேயே சொர்க்கவாசல் திறந்தார்கள். 19 வருடத்துக்கு ஒரு தடவை இப்படி வரும் என்று சொல்லப்பட்டது. மார்கழி விதியை மட்டும் நம்பித் தேதி போட்டிருந்தவர்கள் அந்த வருடம் வாசல் திறந்து இருபது நாள் கழித்துப் பகல்பத்துத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே கோயில் பத்திரிகை வந்த பிறகே B1 நிரப்பப்படும். நாங்கள் பின்பற்றுவது அரங்கத்துத் தேதியை. உங்கள் ஊர்க் கோயிலில் வேறு நாள் என்றால் அது உங்கள் ஊர்க் கோயில் விஷயம், என்னைத் திட்டாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கேட்டவர்களுக்கு ஒரு வரி. நாங்கள் விடியற்காலை நாலரைக்கு வெளியிட்டால் டொரண்டோவில் முந்தின நாள் மாலை ஆறு மணி. உலகம் முழுக்க ஒரே நொடியில்தான் வெளியாகும், ஊருக்கு ஒரு நேரம் வைக்க வழியில்லை. உங்கள் விடியலில் பாருங்கள், காணொளி எங்கும் ஓடிவிடாது.

"மனசில் பக்தி இருந்தால் எந்த நாளில் பார்த்தால் என்ன" என்ற தத்துவவாதிகளுக்குப் பதில் இல்லை. அவர்கள் தீபாவளிப் பட்டாசை ஆடியில் வெடிக்கட்டும்.

தீபாவளி என்றதும்தான் உண்மையான தலைவலி ஞாபகம் வருகிறது. இதைப் பற்றி அந்த நேரலையில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் அவர் தொடர் எதையும் எடுத்து முடித்ததில்லை. எங்களுக்குத் தீபாவளித் தொடரும் உண்டு. அது முடிந்த கையோடுதான் பகல்பத்து எடிட்டிங் தொடங்கும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, பகல்பத்து டிசம்பர் 20, நடுவில் 61 நாள். 2024-இலும் அதே 61. ஆனால் 2026-இல் இடையில் ஓர் அதிக மாதம், மே 17 முதல் ஜூன் 15 வரை, சந்திரக் கணக்கில் செருகப்படுகிறது. அதனால் தீபாவளி நவம்பர் 8-க்குத் தள்ளிப் போகிறது. வைகுண்ட ஏகாதசியும் கூடவே தள்ளிப் போகும் என்று நினைப்பீர்கள். போகாது. அது மார்கழியோடு கட்டப்பட்டது, தள்ளினால் தைக்குள் விழுந்துவிடும். ஆகவே அது முன்னால் வருகிறது, பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. பகல்பத்து டிசம்பர் 10. நடுவில் 32 நாள். ஒரு பண்டிகை பின்னால் போகிறது, மற்றது முன்னால் வருகிறது, எங்கள் எடிட்டருக்கு ஒரு மாதம் காணாமல் போகிறது. 2023-இலும் இதே நெருக்கடிதான், அப்போது 31 நாள். அந்த வருடம் நாங்கள் தூங்கியதை யாரும் நேரலையில் விசாரிக்கவில்லை.

இதற்கு ஒரே வழி, தேதி மாறினாலும் மாறாத வேலையை முன்பே முடிப்பது. பாசுர விளக்கம், குரல்பதிவு, கோபுரக் காட்சிகள் எல்லாம் ஆடியிலேயே தயாராகிவிடும். உற்சவத்தன்று எடுக்க வேண்டிய சில நிமிடங்கள் மட்டும் கடைசியில் சேரும். இந்த வருடமும் அப்படித்தான், விளம்பரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பராபவ என்று ப்ளேலிஸ்ட் ஏற்கெனவே திறந்தாயிற்று, தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது.

டிசம்பர் 10 என்பது கார்த்திகை. "மார்கழியே பிறக்கவில்லை, அதற்குள் பகல்பத்தா, வியூஸ் வெறி" என்று அன்றைக்கு யாராவது நேரலை போடுவார்கள். அவர்களுக்கான பதிலை இப்போதே எழுதி வைக்கிறேன்: ஏகாதசிதான் மார்கழியில் விழ வேண்டும், அதற்கு முந்தைய பத்து நாள் எந்த மாதத்தில் விழுந்தாலும் பகல்பத்துதான். அப்போது இந்தப் பதிவைத் தேடி எடுத்து அவருக்குக் கீழே போட்டுவிடுங்கள், எனக்கு எடிட்டிங் இருக்கும்.