பில் கவுண்டரில் எந்த நம்பரைச் சொல்வது?

"கடைக்கெல்லாம் ரெண்டாவது சிம் நம்பரைக் கொடுத்துடுங்க, விளம்பரக் கால் தொல்லையிலிருந்து மெயின் நம்பர் தப்பிச்சுடும்" என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. எங்கே ரெண்டாவது நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. பணத்துக்கே வேட்டு வைக்கிற இடம் அதுதான்.

காட்பாடியில் ஒரு குடும்பம் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் வாஷிங் மெஷின் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கடைக்குள் மூன்று இடத்தில் நம்பர் கேட்பார்கள்.

முதலில் பில். மெஷினைப் பொருத்த வரும் மெக்கானிக் வீட்டுக்கு வழி கேட்டு இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார். பிறகு ரிப்பேருக்குப் புகார் கொடுத்தாலும் இதை வைத்துத்தான் தேடுவார்கள். அதனால் இங்கே ரெண்டாவது நம்பர் போதும், ஆனால் அந்த சிம் போனில் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்து மாதத் தவணை பாரம். இது கடன். ஓடிபி வரும், தவணை தவறினால் தகவல் வரும். வங்கியில் பதிந்திருக்கும் மெயின் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது, வாசல் மேஜையில் வைத்திருக்கும் குலுக்கல் சீட்டு. இதற்கு எந்த நம்பரும் வேண்டாம். அந்தப் பெட்டியில் விழுகிற பெயரும் நம்பரும் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

எதைக் கொடுப்பது என்று குழம்பினால் ஒரே கேள்வி போதும்: நாளைக்கு இந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போனால் என் பணமோ கணக்கோ போகுமா? போகும் என்றால் மெயின் நம்பர். நகைக்கடை மாதச் சீட்டும் இதில்தான் சேரும். கடைதானே என்று பலர் ரெண்டாவது நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது உங்கள் சேமிப்பு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரெண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுவோம். வேலிடிட்டி முடிந்ததும் ஓடிபி வருவது நிற்கும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இணைப்பையே துண்டிக்கலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு புதிதாக சிம் வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பரில் நீங்கள் திறந்து வைத்த கணக்குகளின் ஓடிபி அவர் போனுக்குப் போகும். ஆகவே அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், மாதம் ஒரு கால் அதிலிருந்து பேசிவிடுங்கள்.

வாயில் வந்த பத்து இலக்கத்தைச் சொல்லிவிட்டு வருவது தயவுசெய்து வேண்டாம். அது சத்துவாச்சாரியிலோ ஆரணியிலோ யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும். உங்களுக்கு வர வேண்டிய தொல்லை அவருக்குப் போகும். அதற்குப் பதிலாக "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று கேளுங்கள். துணி, மளிகை வாங்க நம்பர் கட்டாயமில்லை. நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என 2023-லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "கம்ப்யூட்டர் எடுக்காது" என்று கேஷியர் சொன்னால் கடை நம்பரையே போடச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லாமலே நம்பர் வெளியே போகிற இன்னொரு வழியும் இருக்கிறது. சில பணம் கட்டும் ஆப்களில் உங்கள் யூபிஐ ஐடியே மொபைல் நம்பரில்தான் தொடங்கும். ஸ்கேன் செய்து கட்டும்போது அந்த ஐடி வாங்குபவருக்குத் தெரியலாம். ஆப்பின் புரொபைலில் நம்பர் இல்லாத ஐடி ஒன்றை உருவாக்கி அதையே பயன்படுத்துங்கள்.

இணையப் படிவங்களில் கடைசியில் இருக்கும் டிக் பெட்டிதான் முக்கியம். 1909-க்கு START 0 என்று எஸ்எம்எஸ் அனுப்பி, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி போட்டிருந்தாலும், "சலுகைகளைத் தெரிவிக்கச் சம்மதம்" என்ற டிக்கை விட்டுவைத்தால் அந்த நிறுவனம் உங்களை அழைக்க நீங்களே அனுமதி கொடுத்ததாகிவிடும். டிஎன்டி போட்டும் கால் வருகிறதே என்று பலர் நொந்துகொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம். பல படிவங்களில் அந்த டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும், எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

யார் நம்பரை வெளியே விட்டார்கள் என்று தெரிய வேண்டுமா? சாதாரணப் படிவங்களில் இனிஷியலை மாற்றிப் போடுங்கள். துணிக்கடைக்கு 'டி', செருப்புக்கடைக்கு 'எஸ்'. பில், கடன், வாரண்டி தவிர மற்றதில் இது யாருக்கும் கெடுதல் இல்லை. வீட்டுமனை விற்கிறவர் போன் செய்து "டி. குமார் சாரா?" என்று கேட்டால் எந்தக் கடையிலிருந்து போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த அழைப்பைப் பற்றி அன்றே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ 1909-லோ புகார் செய்யுங்கள். டிராய் விதிகளின் 2025 திருத்தத்தின்படி 7 நாள் வரை அவகாசம் உண்டு. அழைத்த நம்பரும் தேதியும் கேட்பார்கள் என்பதால், புகார் கொடுக்கும் வரை கால் பதிவை அழிக்காதீர்கள்.