ஸ்படிகம் தண்ணியில மறையுமா?

"ஒரிஜினல் ஸ்படிகம்னா தண்ணிக்குள்ள போட்டதும் கண்ணுக்கே தெரியாதாம், கழுத்துல போட்டா உடம்புச் சூட்டை இழுத்துருமாம், வாட்ஸப்ல வந்துச்சு, நெசமா?"

ரெண்டும் தப்பு. ஒளிய எவ்வளவு வளைக்குதுன்னு சொல்ற ஒளிவிலகல் எண் தண்ணியோட ஒத்துப்போனாத்தான் ஒரு பொருள் அதுக்குள்ள மறையும். தண்ணிக்கு அது 1.33, ஸ்படிகத்துக்கு 1.54, சாதா கண்ணாடிக்கு கிட்டத்தட்ட 1.5, அதனால தண்ணியில ரெண்டுமே மங்கலாத் தெரியும், எதுவும் முழுசா மறையாது.

மண்டபம் ஊர்ல இருக்குற எங்க மதினி, ராமேஸ்வரம் கோயில்ல விடிகாலை ஸ்படிகலிங்க தரிசனம் முடிச்சுட்டு வெளிய ஒரு மாலை வாங்குனாங்க. வெள்ளப் பேப்பர்ல ஒரு தலைமுடிய ஒட்டி, அது மேல பெரிய மணியா வச்சு மெதுவா உருட்டிப் பாத்தோம். ஸ்படிகம்னா சில கோணத்துல முடி ரெண்டாத் தெரியும், எல்லாக் கோணத்துலயும் தெரியாது, அதான் உருட்டணும். இதுல கடைசிவரை ஒத்த முடிதான், லென்ஸ்ல பாத்தா உள்ள உருண்டையா காத்துக்குமிழி வேற, கண்ணாடியேதான்! (லேப்ல வளத்த ஸ்படிகத்த இந்த டெஸ்ட்டு காட்டிக்குடுக்காது.)

சூட்டு விஷயம் என்னன்னா, ஸ்படிகம் கண்ணாடிய விட வெப்பத்த நல்லாக் கடத்தும், அதான் தொட்டதும் ஜில்லுனு இருக்கும், கழுத்துல கொஞ்ச நேரம் கெடந்தா உடம்புச் சூட்டுக்கே வந்துரும்.

மதினி மாலையத் திருப்பிக் குடுக்கல. அண்ணனோட படகு கரை திரும்புற வரைக்கும் 108 மணிய உருட்டிக்கிட்டு இருக்கணும், அவங்க வாங்குனதே அதுக்குத்தானாம்.