லைட் அணைந்தால் கோளாறும் போய்விட்டதாமே!

மழை நாட்களில் செக் எஞ்சின் லைட் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது, காலி வீதி சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் கையில் மெல்ல உதறும். வெயில் வந்து சில நாளில் லைட் தானாகப் போய்விட்டது. கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "லைட் போயிட்டுதே தம்பி, இனி என்னத்தைப் பார்க்கிறது? திரும்ப வந்தால் கொண்டு வாங்க."

எரிச்சல் வருமா வராதா?

அந்த லைட் அணைவதற்குக் கோளாறு சரியாக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. எஞ்சின் கணினி ஒவ்வொரு ஓட்டத்திலும் தன் சோதனையைச் செய்கிறது, பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பிழை தென்படாவிட்டால் லைட்டை அணைத்துவிடும், அவ்வளவுதான். எந்தப் பிழை என்று சொல்லும் கோடு கணினிக்குள் அப்படியே கிடக்கும். எஞ்சின் ஆறிச் சூடாவது சுமார் 40 தடவை பிழையில்லாமல் நடந்தால்தான் அதுவும் அழியும். ஆகவே ஸ்கேன் பண்ண வேண்டியதே இந்த நேரத்தில்தான்!

வேறு இடத்தில் ஸ்கேனரைச் செருகியதும் P0302 வந்து நின்றது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். கோடு பதிவான நேரத்தில் எஞ்சின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, என்ன வேகம் என்பதும் கூடவே இருந்தது. மெதுவான வேகம், சூடான எஞ்சின், அதாவது அதே சிக்னல் உதறல். ஸ்கேன் பண்ணிய பெடியன் உடனே எதையும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரின் பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டு, முதலாவதின் காயிலை இரண்டாவதில் போட்டு, அடுத்த மழை வரை ஓடச் சொன்னார். மழை வந்தது, லைட்டும் வந்தது, கோடு இப்போது P0301. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது, பிளக்கோ இன்ஜெக்டரோ காரணமில்லை. காயிலின் ரப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு, ஈரம் பட்டால் மின்சாரம் அதன் வழியே கசிகிறது, காய்ந்தால் நல்ல பிள்ளை. பஞ்சிகாவத்தையில் ஒரேயொரு காயில் வாங்கி முடிந்த கதை.

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஸ்கேனரைச் செருகி, கோடை எழுதிக்கூட வைக்காமல் அழித்துவிட்டு "கிளியர் பண்ணியாச்சு" என்று காசு வாங்குகிறவர்கள். அழித்தால் அந்தச் சூடு, சுற்று விபரமும் சேர்ந்து போய்விடும், அடுத்தவன் எதை வைத்துத் தேடுவான்?

சரி, ஓடலாமா என்றால், மஞ்சள் லைட் அசையாமல் எரிந்து வண்டியும் ஒழுங்காக ஓடினால் கராஜ் வரை மெதுவாகப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரமாக நிறுத்துங்கள், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரையே சூட்டில் கெடுத்துவிடும், அதன் விலைக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமேயில்லை. எண்ணெய் அமுக்கம், சூடு, பிரேக் என்று சிவப்பில் எரிந்தால் கராஜ் வரைகூட ஓட வேண்டாம், நின்றுவிடுங்கள். பிரேக் லைட் வளைவில் மட்டும் வந்து போனாலும் பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம், டாங்கியைப் பாருங்கள்.

அந்த முதல் பாஸிடம் இனி நான் டயருக்குக் காற்றடிக்கவும் போகமாட்டேன்.