ஸ்பிரிங் வந்தாச்சுன்னு அவசரப்படாதீங்க

சப்போர்ட்டுக்குக் கீழே ஒரு கேண்டில் இறங்கி வால் விட்டு மேலே ஏறினால் போதும், உடனே அம்புக்குறி போட்டு "வைக்காஃப் ஸ்பிரிங்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒற்றைக் கேண்டிலில் ஸ்பிரிங் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அதற்குப் பிறகு வரும் இறக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

ரிச்சர்ட் வைக்காஃப் 1931-இல் தன் முறையைப் பாடமாக நடத்தத் தொடங்கியவர். அவர் சொன்னதன் சாரம்: சந்தை முழுவதையும் ஒரே ஒரு பெரிய ஆள் நடத்துவதாக நினைத்துக்கொண்டு சார்ட்டைப் பாருங்கள். அவர் லட்சக்கணக்கான பங்குகளை வாங்க வேண்டும். ஒரே நாளில் வாங்கினால் விலை அவருக்கு எதிராகவே ஏறிவிடும். அதனால் விலை ஒரு ரேஞ்சுக்குள் மேலும் கீழுமாகப் போய்வரும் வாரங்களில் பொறுமையாகச் சேர்க்கிறார். கடைசியில் சப்போர்ட்டுக்குக் கீழே விலை போகும்போது, அங்கே குவிந்திருக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் எல்லாம் விற்பனையாக மாறும். அந்தச் சரக்கை யாராவது வாங்கிக்கொண்டால் விலை மறுபடி ரேஞ்சுக்குள் வந்துவிடும். அதுதான் ஸ்பிரிங்.

2011-ஐ எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கடன் தரமதிப்பீடு குறைக்கப்பட்டது. அடுத்த வர்த்தக நாளான 8-ஆம் தேதி எஸ் அண்ட் பி 500 குறியீடு 6.66% விழுந்தது, மறுநாள் 1101 வரை இறங்கித் திரும்பியது. வால்யூம் பயங்கரம். வைக்காஃப் முறையில் ஒரு ரேஞ்சைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள்; இறக்கத்தை நிறுத்தும் ஏ கட்டம் இது. அந்த மாதக் கடைசியில் விலை 1230-ஐத் தொட்டது. ரேஞ்சின் தரையும் கூரையும் கிடைத்துவிட்டன. செப்டம்பர் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஆட்டம், அதாவது சரக்குச் சேர்க்கும் பி கட்டம். ஐரோப்பியக் கடன் நெருக்கடிச் செய்தி தினமும் வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 3 அன்று குறியீடு 1100-க்குச் சற்றுக் கீழே முடிந்தது. மறுநாள் 1074 வரை போனது. கடைசி ஒரு மணி நேரத்தில், ஐரோப்பிய வங்கிகளுக்கு மூலதனம் தருவது பற்றிய செய்தி வந்ததும், சரசரவென்று ஏறி 1123-இல் முடிந்தது. தரையைச் சோதிக்கும் சி கட்டத்தின் ஸ்பிரிங் இது. வால்யூம் அதிகம்தான், ஆனால் ஆகஸ்ட் பீதியை விடக் குறைவு. இன்னும் ஆழமாகப் போயும் விற்க வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அதைப் படிக்கலாம்.

வால்யூம் இவ்வளவு அதிகமாக இருந்தால் இன்னும் சரக்கு மிச்சம் இருக்கிறது, திரும்பி வந்து சோதிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். விலை அக்டோபர் 27-இல் 1284-க்குப் போய்ப் பழைய கூரையை உடைத்தது. பிறகு நவம்பர் 25-இல் 1158 வரை இறங்கியது. ரேஞ்சுக்குள்ளேயே வந்துவிட்டது, ஆனால் தரைப் பக்கம் போகவே இல்லை. அன்று வால்யூம் மெலிந்திருந்ததைக் காட்டி "விற்பவர் இல்லை" என்று சொல்லக் கூடாது. தேங்க்ஸ்கிவிங் மறுநாள், அரை நாள் சந்தை, மெலிந்துதான் இருக்கும். தாழ்வு உயர்ந்திருக்கிறது என்பதே இங்கே சாட்சி. 2012 மார்ச் கடைசியில் குறியீடு 1408.

இப்போது அதே குறியீட்டின் 2008-ஐப் பக்கத்தில் வையுங்கள். ஜூலை 15-இல் தாழ்வு 1200. செப்டம்பர் 18 அன்று 1133 வரை போய் 1206-இல் முடிந்தது, மறுநாள் 1255. கேண்டில் 2011-ஐ விட அழகு! ஆனால் அடுத்த வர்த்தக நாளே 3.8% சரிவு, 29-ஆம் தேதி முடிவு 1106. இறங்கிய நாட்களின் கேண்டில்கள் நீளமாக இருந்தன, தாழ்வு உயரவில்லை. ஸ்பிரிங்கின் தாழ்வுக்குக் கீழே போனதும் கதை முடிந்தது. அங்கேதான் ஸ்டாப் லாஸ் இருக்க வேண்டும், மறுபேச்சே கிடையாது.

அப்த்ரஸ்ட் ஸ்பிரிங்கின் தலைகீழ். விநியோகத்தில் பெரிய ஆள் விற்க வேண்டும். அவரிடம் வாங்க ஆள் வேண்டும். 2021 ஏப்ரலில் பிட்காயின் சுமார் 64,800 டாலரில் உச்சம் தொட்டு, கோடையில் பாதிக்கும் கீழே போய், நவம்பர் 10-இல் சுமார் 69,000-க்கு வந்தது. அன்றுதான் அமெரிக்கப் பணவீக்கம் 6.2% என்ற செய்தி. "பணவீக்கத்துக்கு மருந்து பிட்காயின்" என்று பேச்சு. ஒரு வாரத்துக்குள் விலை 60,000-க்குக் கீழே. பழைய உச்சத்துக்கு மேல் போய்த் தங்க முடியவில்லை என்பதே அப்த்ரஸ்ட். அதற்குப் பிறகு 2022 முழுக்க வந்த ஏற்றங்கள் அந்தப் பழைய உச்சத்தை எட்டாமலே திரும்பின.

ஆனால் எல்லா ரேஞ்சிலும் ஸ்பிரிங்கோ அப்த்ரஸ்ட்டோ வந்தே தீரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. பல ரேஞ்சுகள் அப்படி எதுவும் காட்டாமலே உடைந்து போகும். வால்யூம் இல்லாத சின்னப் பங்குகளில் இந்தப் பாடத்தை நான் பயன்படுத்துவதே இல்லை. அங்கே ஒரே ஒரு ஆர்டர் போதும், தரைக்குக் கீழே வால் வரைய.