ஒன்பது நிமிடம் பேசியது குற்றமா?

எங்கள் கால் சென்டரின் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தாலே வயிறு எரிகிறது. ஒரு கட்டத்தில் தரம் 94. பக்கத்துக் கட்டத்தில் சராசரி அழைப்பு நேரம் 9 நிமிடம், சிவப்பு நிறத்தில். இலக்கு 6. இரண்டும் என் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணுடைய எண்கள்.

வாடிக்கையாளர் பேச்சை வெட்டாதே, பிரச்சினையைத் திரும்பச் சொல்லி உறுதி செய், முழுக் குறிப்பு எழுது என்று தரப் படிவம் கேட்கிறது. எல்லாம் செய்தால் நேரம் ஏறாமல் என்ன செய்யும்? அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரமும் அந்தச் சராசரியில்தானே சேர்கிறது!

சரி என்று அவருடைய அழைப்புகளை வகை பிரித்துப் பார்த்தேன். நூற்றுக்கு 55 பில் தகராறு, ஒவ்வொன்றும் 13 நிமிடம். மீதி 45 கடவுச்சொல் மாற்றம், அதை எல்லோரையும் போல 4 நிமிடத்தில் முடிக்கிறார். கூட்டி வகுத்தால் 9 வந்துவிடும். இதில் அவர் மெதுவானவர் என்று எங்கே தெரிகிறது?

5 நிமிட சராசரிக்குப் பாராட்டு வாங்கியவரின் அழைப்பு ஒன்றைக் கேட்டேன். "பார்த்துக்கொள்கிறோம், சார்" என்று வைத்துவிட்டார். அதே வாடிக்கையாளர் அந்த வாரமே இரண்டு முறை திரும்ப அழைத்தார். மூன்றாவது அழைப்பு இந்தப் பெண்ணிடம் வந்தது, 13 நிமிடத்தில் தீர்ந்தது. முதல் இரண்டும் பச்சை, தீர்த்து வைத்த அழைப்பு சிவப்பு.

7 நாளுக்குள் திரும்பி வரும் அழைப்பை முதலில் எடுத்தவர் கணக்கில் எழுதுங்கள், நேரத்தை வகைவாரியாக ஒப்பிடுங்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். நாளை அந்தப் பெண்ணை உட்கார வைத்து என்ன சொல்வது?